ரெண்டு டர்னிங் பாயிண்ட்டுக்கும் y = 0 போட்டு வச்சிருந்தேன்

டிப்ளமோ முடிச்சு எட்டு வருஷம் கழிச்சு பார்ட் டைம் பி.இ. சேர்ந்தேன், மேத்ஸ்ல முதல் ஒர்க்ஷீட்டே டிஃபரன்ஷியேஷன். முதல் கணக்கு இதான்:

y = x³ − 3x² − 9x + 5

x = 2-ல கிரேடியன்ட் என்ன, டர்னிங் பாயிண்ட் எங்கெங்க இருக்குன்னு கேட்டிருந்தாங்க.

பவரை முன்னாடி இறக்கி பெருக்கிட்டு பவர்ல ஒண்ணு கொறைக்கணும், அது ஞாபகம் இருந்துச்சு. dy/dx = 3x² − 6x − 9. கடைசி 5 காணாமப் போயிடும், ஏன்னா கர்வை அப்படியே அஞ்சு யூனிட் மேல தூக்கி வச்சாலும் சரிவு மாறாதுல்ல. x = 2 போட்டா 12 − 12 − 9, அதாவது −9. அந்த இடத்துல கர்வ் நல்லா செங்குத்தா இறங்கிட்டிருக்கு.

டர்னிங் பாயிண்ட்ல சரிவு 0, அதனால 3x² − 6x − 9 = 0-ன்னு வச்சு 3-ஆல வகுத்தா (x − 3)(x + 1) = 0, x = 3, x = −1. இதுவரைக்கும் சரி. அப்புறம் y கண்டுபிடிக்க இந்த ரெண்டையும் dy/dx-லயே போட்டுட்டேன்! ரெண்டுக்கும் 0 வந்துச்சு, (3, 0), (−1, 0)-ன்னு எழுதி டபுள் அண்டர்லைன் வேற. பக்கத்துல இருந்த பையன் பாத்துட்டு, "அண்ணே, 0 வரணும்னுதானே அந்த x-ஐயே கண்டுபிடிச்சீங்க, வேற என்ன வரும்"னான். உயரம் வேணும்னா முதல்ல குடுத்த y-லதான் போடணும். போட்டேன், (3, −22), (−1, 10). இப்ப கதை ஒத்துப்போகுது, 10-ல இருந்து −22-க்கு இறங்குற வழியிலதான் அந்த x = 2 இருக்கு, அங்க சரிவு மைனஸ்லதானே இருந்தாகணும்.

அடுத்து மேக்ஸிமமா மினிமமா. மறுபடி டிஃபரன்ஷியேட் பண்ணா 6x − 6, x = 3-ல 12, x = −1-ல −12. ப்ளஸ்னா மேக்ஸிமம்னு மனசு சொல்லும், ஆனா தலைகீழ். பள்ளத்துல சரிவு மைனஸ்ல இருந்து 0 தாண்டி ப்ளஸுக்கு போகுது, அதாவது சரிவு கூடிக்கிட்டே வருது, அதனாலதான் மினிமத்துக்கு ப்ளஸ். இப்படி யோசிச்சதுக்கப்புறம் எனக்கு மாறிப்போகல.

கடைசி கணக்கு y = x³, y = x⁴, அங்க வாங்கினேன் ஒரு அடி. x = 0-ல ரெண்டுக்குமே இரண்டாவது டெரிவேட்டிவ் 0, சரி ரெண்டுமே டர்னிங் பாயிண்ட் இல்லன்னு எழுதிட்டேன். 0 வந்தா அந்த டெஸ்ட் எதுவுமே சொல்லாதாம், ரெண்டு பக்கமும் சரிவை பாக்கணும். x³-க்கு −1-லயும் 1-லயும் சரிவு 3, ஏறிக்கிட்டே இருக்கு, திரும்பவே இல்ல. x⁴-க்கு −4, அப்புறம் 4, அது பக்கா மினிமம். ஒரு மார்க் போச்சு.