‘போல்கே’ எங்கிருந்து வந்தது?

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் இலக்கணப் பங்கைக் குறிப்பதுதான் என் வேலை. நான் அதிகம் கையாண்டவை தக்காணத்தில் பேசப்படும் தக்கனி உருதுப் பதிவுகள். இந்தி தாய்மொழியான சக பணியாளர் ஒருவர் என் கோப்புகளைச் சரிபார்ப்பார். ஒரு சொல் வரும்போதெல்லாம் அதைச் சிவப்பில் வளைத்து, “இது பேச்சுத் தடுமாற்றம், நீக்கிவிடலாம்” என்று எழுதிவிடுவார். அந்தச் சொல் ‘போல்கே’.

‘மை ஆதூங் போல்கே போல்யா’ என்றால் ‘வருகிறேன் என்று சொன்னான்’. தமிழ்க் காதுக்கு இதில் வினோதமே இல்லை. ‘போல்’ என்றால் ‘சொல்’. ‘கே’ என்பது ‘செய்து’, ‘வந்து’ போன்ற வினையெச்சங்களின் வேலையைச் செய்யும் விகுதி. ஆக, ‘போல்கே’ என்பது ‘சொல்லி’. நம் ‘என்று’ இருக்கிறதே, அதுவும் ‘என்’ என்ற, ‘சொல்’ எனப் பொருள்படும் வினையின் எச்சம்தான். சொன்ன செய்தி முன்னால் வருகிறது, ‘போல்கே’ அதற்குப் பின்னால் நிற்கிறது. வடக்கத்தி இந்தியில் இது தலைகீழ்: ‘உஸ்னே கஹா கி...’ என்று ஆரம்பித்து, ‘கி’க்குப் பிறகுதான் செய்தி வரும். அந்தக் ‘கி’ பாரசீகத்திலிருந்து வந்தது. சக பணியாளருக்குத் தடுமாற்றமாகப் பட்டது ஏன் என்று இப்போது புரியும்.

தமிழோ தெலுங்கோ தாய்மொழியானவர்களுக்கு நேர் எதிரான ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இது இயல்பாக இருப்பதால், “அட, நம்மகிட்டேயிருந்து எடுத்துக்கிட்டாங்க” என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். நெடுங்காலம் அருகருகே பேசப்பட்டதால், உறவில்லாத மொழிகள் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்துப்போகும் வட்டாரத்தை ‘மொழிப்புலம்’ என்கிறார்கள். தெற்காசியா அப்படி ஒன்று என்று மொழியியலாளர் எமனோ 1956-இல் எழுதினார். அவருடைய அளவுகோல் எளியது. ஒரு கூறு வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிக் குடும்பங்களில் இருக்க வேண்டும். அதே சமயம், அக்குடும்பங்களில் ஒன்றிலாவது எல்லா மொழிகளிலும் அது காணப்படக் கூடாது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குடும்பம் முழுக்க இருக்கிற ஒன்று பாட்டன் சொத்தாகவும் இருக்கலாமே.

‘போல்கே’ இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. திராவிட மொழிகளில் மட்டுமல்ல, இந்தியின் குடும்பமான இந்தோ-ஆரியத்திலும் இது இருக்கிறது: மராத்தியில் ‘ம்ஹணூன்’, வங்காளியில் ‘போலே’, நேபாளியில் ‘பனேரா’, சிங்களத்தில் ‘கியலா’ என்று எல்லாமே ‘சொல்லி’தான். ஆனால் வடக்கத்தி இந்தி ‘கி’யோடு நிற்கிறது. தக்கனியின் மூதாதை வடக்கிலிருந்து தெற்கே வந்த பேச்சு. 1327-இல் துக்ளக் தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றியதும், 1347-இல் பாமினி அரசு எழுந்ததும் அதைத் தக்காணத்தில் வேரூன்றச் செய்தன. ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். தெற்கே வந்தது ‘போல்கே’யை முழுமூச்சாகப் பயன்படுத்துகிறது, வடக்கே இருந்தது ‘கி’யை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம்.

சரி, அப்படியானால் வழக்கு முடிந்ததா? துருக்கி மொழியில் ‘தியே’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘சொல்’ என்று பொருள்படும் ‘தெ’ என்ற வினையின் எச்சம் அது. ‘அலி தியே பிரி’ என்றால் ‘அலி என்று ஒருவர்’. ‘மழை வரும் என்று வரவில்லை’ எனக் காரணம் சொல்லவும் துருக்கியர் அதையே பயன்படுத்துகிறார்கள். துருக்கி மொழி தமிழிடமிருந்து இதைக் கற்றது என்று யாரும் சொல்ல முடியாது. வினை கடைசியில் வரும் மொழிகளில், ‘சொல்லி’ என்பது மெல்ல மெல்ல ‘என்று’ ஆகிவிடுவது தானாகவே நடக்கக்கூடிய மாற்றம். ஆகவே, தமிழில் இருக்கிறது, தக்கனியிலும் இருக்கிறது என்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆவதில்லை. இந்தத் துருக்கி உதாரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, “ஒற்றுமை இருக்கிறது, எனவே தொடர்பு” என்று ஆரம்பிக்கும் கட்டுரைகளைப் பாதியில் மூடிவிடுகிறேன்.

பின் எதை நம்புவது? ஒரு கூறை மட்டும் தனியாக எடுக்காமல், கூடவே வேறு என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம். இந்தியில் இறந்தகால வாக்கியங்களில் செய்தவரைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டும் ‘னே’ தக்கனியில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கிறது. ‘மைனே ரோட்டீ காயீ’ என்று ரொட்டியின் பாலுக்கு ஏற்ப வினையை மாற்றுவது இந்தி. ‘மை ரோட்டி காயா’ என்று தின்றவனோடு வினையைப் பொருத்துவது தக்கனி. நம் வினைகளும் எப்போதும் எழுவாயோடுதான் பொருந்தும். ஆனால் இதை நான் பலவீனமான சாட்சியாகத்தான் வைப்பேன். போஜ்புரியிலும் ‘னே’ கிடையாது, அங்கே தெலுங்கோ கன்னடமோ அண்டை வீட்டில் இல்லை.

வலுவான சாட்சி, ‘போல்கே’ செய்கிற வேலைகளின் வரிசை. மேற்கோள் மட்டுமல்ல, ‘அஹ்மத் போல்கே ஏக் ஆத்மி’ என்று பெயரிடவும், ‘பாரிஷ் ஹோரா போல்கே நை ஆயா’ என்று காரணம் சொல்லவும் அது வருகிறது. துருக்கியிலும் இதே வரிசை இருக்கிறதே என்றால், ஆம், இருக்கிறது. ஆனால் தக்கனி பேசுவோர் தெலுங்கும் கன்னடமும் மராத்தியும் அன்றாடம் கேட்டும் பேசியும் வாழ்ந்தவர்கள். அவர்களின் வடக்கத்தி உறவினர் அப்படி வாழவில்லை. இருமொழிப் பழக்கமும், வரிசையும், வடக்கோடு உள்ள வேறுபாடும் சேர்ந்தால்தான் வாதம் நிற்கிறது.

தரவு எப்படிக் கிடைத்தது என்பதும் இதில் முக்கியம். “‘அவன் வருகிறேன் என்று சொன்னான்’ என்பதை உங்கள் மொழியில் சொல்லுங்கள்” என்று தமிழில் கேட்டால், தமிழ் வரிசையிலேயே பதில் வரும். கேள்வியே பதிலின் வடிவத்தைத் தீர்மானித்துவிடும். எனவே மொழிபெயர்ப்பாகப் பெற்ற வாக்கியங்களைத் தனிக் கோப்பில் வைப்போம். பாட்டி பேத்தியைத் திட்டும் பதிவு போன்ற தன்னிச்சைப் பேச்சில் ‘போல்கே’ வந்தால்தான் கணக்கில் சேர்ப்போம். அதில் தாராளமாகவே வருகிறது என்று காட்டிய பிறகு, சிவப்பு வளையங்கள் நின்றன.

மகாராஷ்டிரத்தின் குப்வாட் கிராமத்தைப் பற்றி கம்பர்ஸ், வில்சன் என்ற ஆய்வாளர்கள் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பாதை ஒருவழி அல்ல என்று காட்டியது. அங்கே கன்னடம், மராத்தி, உருது, தெலுங்கு பேசுவோர் தலைமுறைகளாகக் கலந்து வாழ்கிறார்கள். சொற்கள் தனித்தனியாக இருக்க, வாக்கிய அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. உருதுவில் உயிரற்ற பொருள்களின் ஆண், பெண் வேறுபாடு கன்னடம்போல மங்கியிருக்கிறது. அதே ஊர்க் கன்னடம், ‘இது உங்கள் வீடு’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடாமல், உருது, மராத்தி போலக் கடைசியில் ‘இருக்கிறது’ என்று ஒரு வினையைச் சேர்க்கிறது. திராவிட மொழிதான் கொடுத்தது, மற்றவை வாங்கின என்று பெருமை பேசுவோருக்கு இந்த வாக்கியத்தைக் காட்டுவேன்.

எந்த மொழி ‘போல்கே’யைத் தந்தது என்று கேட்டால், நான் ஒரு பெயரைச் சொல்வதில்லை. தெலுங்கின் ‘அனி’, கன்னடத்தின் ‘அந்த’, மராத்தியின் ‘ம்ஹணூன்’ மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. வடிவம் கடன் வாங்கப்படவில்லை, மாதிரி மட்டுமே வாங்கப்பட்டது என்பதால் சுவடு பிடிக்க வழியில்லை. ஆனால், தக்கனியில் ‘வோ-இச்’ என்று வலியுறுத்தும் ‘இச்’ வடிவத்தோடேயே மராத்தியிலிருந்து வந்தது. அதனால் எங்கள் குறிப்புப் பட்டியலில் ‘இச்’ எதிரே மராத்தி என்றும், ‘போல்கே’ எதிரே ‘வட்டாரம், மூலம் பிரிக்க இயலாது’ என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.