காரைக்குடிக்கும் ஐந்தோவனுக்கும் நடுவே 18 மில்லிமீட்டர்

கல்லுக்கட்டிப் பக்கத்தில் மாடியில் இயங்கும் எங்கள் அலுவலகத்தில் இரும்புக் கட்டடங்களுக்கு டிராயிங் போடுகிறோம். வேலையில் பாதி நெதர்லாந்துக்குப் போகும். அதனால் ஐந்தோவனில் உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேரை வைத்து ஒரு சிறு குழு தொடங்கினோம். அதற்கான ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

காரைக்குடிக்காரர்களுக்கு வெளிநாட்டுத் தொழில் புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் ஏஜென்ட், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லோரையும் இங்கிருந்தே கூட்டிப் போனார்கள். கணக்கு தமிழில், முதலாளிக்குக் கடிதம் தமிழில். கடைக்கு வெளியேதான் அந்நிய நாடு, கிட்டங்கிக்குள் செட்டிநாடு. எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஐந்தோவனில் உள்ளே இருப்பவர்களே அந்நியர்கள்.

கிளம்புமுன், நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட்ட ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெட்டின் எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவரும் டச்சுக்காரர்தான். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்கியவர். அவருடைய அதிகார இடைவெளி அளவில் இந்தியா 77, நெதர்லாந்து 38. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்களே எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண் அது. ‘ஒவ்வொரு டிராயிங்குக்கும் இங்கே ஒப்புதல் கேட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள்’ என்று தாளில் குறித்தேன். உரசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்பது என் கணக்கு.

மூன்றாம் வாரம் வீடியோ கூட்டம். ஒன்பது பேர். எங்கள் தலைமை வடிவமைப்பாளர் தானே போட்ட ஒரு போல்ட் இணைப்பை விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், “இது தப்பு. இந்த போல்ட்டை முறுக்க முடியாது” என்றான். போல்ட் 20 மி.மீ. அதன் மையத்திலிருந்து பக்கத்து இரும்புத் தகடு 18 மி.மீ. தூரத்தில். நட்டின் மூலைக்கே 17 மி.மீ.க்கு மேல் வேண்டும். அப்புறம் ஸ்பானர் எங்கே நுழையும்? அவன் சொன்னது சரி.

கூட்டம் முடிந்ததும் தலைமை வடிவமைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். “என்ன தம்பி, இத்தனை பேர் முன்னாடி வச்சுத்தான் சொல்லணுமா? அப்புறமா போன் பண்ணிச் சொல்லக்கூடாதா?” முகம் சிவந்திருந்தது. அந்தப் பையனிடம் பேசினால், அவனுக்கு ஏதோ நடந்ததே தெரியவில்லை. டிராயிங்கைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லையே என்றான்.

இதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. அதே தப்பை எங்கள் பையன் ஒருவன் மூன்று நாளைக்கு முன்பே பார்த்துவிட்டான். குழுத்தலைவரிடம் மெல்லச் சொல்லியிருக்கிறான். “சார் போட்டதுடா, யோசிக்காமலா போட்டிருப்பாரு?” என்று பதில் வந்திருக்கிறது. அதோடு சரி. 77-க்கும் 38-க்கும் உள்ள தூரத்தை டச்சுக்காரர்களின் கோபம் என்றே படித்திருந்தேன். ஆபத்து எங்கள் மௌனத்தில் இருந்தது. பேசுகிற உரசல் காதில் விழும். பேசாதது இரும்பை வெட்டிய பிறகுதான் தெரியும்.

முறையை மாற்றினோம். கூட்டத்துக்கு முந்தின நாளே இரண்டு ஊரிலும் பார்ப்பவர்கள் சந்தேகங்களை ஒரே தாளில் எழுதிவிட வேண்டும், பெயர் வேண்டாம். போட்டவர் அதைத் தனியாகப் படித்துக்கொள்வார். கூட்டத்தில் மூத்தவர் கடைசியில்தான் பேசுவார். டச்சுக்காரர்களுக்கு இது சுற்றி வளைப்பதாகத்தான் பட்டது. ஆனாலும் செய்தார்கள்.

இன்னொரு எண்ணையும் நான் கவனித்திருக்க வேண்டும். போட்டி, வெற்றி இவற்றுக்குத் தரும் மதிப்பில் நாம் 56, அவர்கள் 14. அங்கேயும் ‘இந்த மாதச் சிறந்த ஊழியர்’ அறிவித்தோம். தேர்வான பெண், தன் படத்தை எடுத்துவிடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்.

அதற்காக எண்ணை ஆள்மேல் ஒட்ட முடியாது. அது நாட்டின் சராசரி. ஐந்தோவனில் ஒருவர் கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். இங்கே கோட்டையூரிலிருந்து வரும் பெண்ணோ தலைமை வடிவமைப்பாளரிடமே நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பார்.

புது முறையின் முதல் இரண்டு வாரம் எங்கள் பக்கத்துச் சந்தேகக் கட்டம் காலியாகவே வந்தது. நாற்பது டிராயிங்கில் ஒரு சந்தேகம்கூட இல்லை என்றால் அது நல்ல சேதி அல்ல. மூன்றாம் வாரம் ஒரே ஒரு வரி வந்தது: “தளம் 2, 6-ம் தூண் — ஸ்பானர் நுழையுமா சார்?” பெயர் இல்லாத தாளில் அந்த ‘சார்’ மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.