மூன்றாவது தடவைதான் கையெழுத்து கிடைத்தது: பச்சைத் தேயிலைக் கணக்கைத் தானியங்கி சிங்குக்கு மாற்றிய அனுபவம்

குந்தா பக்கம் ஆறு கொள்முதல் மையங்கள், குன்னூரில் கணக்கு அலுவலகம். ஒவ்வொரு மையமும் தன் கூகுள் ஷீட்டில் தேதி, விவசாயி எண், மொத்த எடை, ஈரக் கழிவு, நிகர எடை என்று தினமும் பதிகிறது. மாதம் முடிந்ததும் ஆறு ஷீட்டையும் திறந்து, காப்பி செய்து, பெரிய ஷீட்டில் ஒட்டி, தேயிலை வாரியம் அறிவிக்கும் மாத விலையை வைத்துப் பட்டுவாடாவுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒட்டு வேலையை இரவில் தானாக நடக்கும் சிங்காக மாற்றலாம் என்று ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு எழுதினேன். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதுவது ஒரு நாள் வேலை. ஒப்புதல் வாங்கத்தான் மூன்று மாதம் ஆனது.

முதல் முன்மொழிவில் மாதம் இரண்டு நாள் மிச்சமாகும் என்று பெரிதாகப் போட்டிருந்தேன். அது அப்படியே திரும்பி வந்தது. "நேரம் எனக்குப் பிரச்சினையே இல்லைம்மா. ஒரு விவசாயிக்கு ஐம்பது கிலோ குறைஞ்சு போச்சுன்னா, எங்கே குறைஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று சார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரிடம் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுபோகிறவர்கள் நேர மிச்சத்தைக் கடைசி வரியில் வையுங்கள். தொகை தவறினால் எப்படித் தெரியும் என்பதுதான் முதல் பத்தியாக இருக்க வேண்டும்.

அதனால் இரண்டாவது முறை நவம்பர் மாதத்தைக் கையாலும் ஸ்கிரிப்டாலும் தனித்தனியே ஓட்டி ஒப்பிட்டேன். ஐந்து மையங்கள் கிலோ பிசகாமல் ஒத்துப்போயின. ஆறாவது மையத்தில் கையால் ஒட்டியது 14,380 கிலோ, ஸ்கிரிப்ட் கொண்டுவந்தது 520 கிலோ. இத்தனைக்கும் ஸ்கிரிப்டின் ஓட்டப் பட்டியலில் அன்றைக்கும் Completed என்றுதான் இருந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

காரணம் தேதி. அந்த ஷீட்டின் File > Settings பகுதியில் Locale என்பது United States என்று இருந்தது. அமெரிக்க முறையில் மாதம் முன்னால், நாள் பின்னால். மையத்துப் பையன் 05/11/2025 என்று அடித்தால் ஷீட் அதை மே 11 என்று எடுத்துக்கொள்கிறது. 13/11/2025 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்ட் நவம்பர் தேதிகளை மட்டும் வடிகட்டியது. எப்படிப் புரட்டினாலும் நவம்பராகவே இருக்கும் ஒரே நாள் 11/11. அந்த ஒரு நாள் இலைதான் 520 கிலோ. கையால் ஒட்டியபோது வரிகளை அப்படியே மொத்தமாக எடுத்ததால் இது இத்தனை மாதமும் கண்ணில் படவில்லை.

உங்கள் ஷீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க, தேதிப் பத்தியின் சீரமைப்பை எடுத்துவிட்டு மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். 12 வரை வலப்பக்கமும் 13-லிருந்து இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதே கோளாறுதான். Locale-ஐ India என்று மாற்றினால் இனிமேல் அடிப்பவை சரியாகும், ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை தவறாகவேதான் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்துப் பத்தியில் இந்தச் சூத்திரத்தை ஒரே ஒரு முறை போட்டு, வந்த மதிப்பை மட்டும் திரும்ப ஒட்ட வேண்டும்:

```
=IF(ISNUMBER(A2),
  DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
  DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

மாதத்தை இரண்டு இலக்கமாக அடித்திருந்தால்தான் இரண்டாவது பாதி வேலை செய்யும். 13/5/2025 போல அடிக்கிற மையமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இந்த ஒரு திருத்தத்துக்காக ஆறாவது மையம் இருக்கும் எடக்காடு வரை போனது வீண். அந்த ஷீட், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. மையத்தில் இருந்தவருக்கு அடிக்கும் உரிமை மட்டும்தான். அதை வைத்து Locale-ஐ மாற்றலாம், ஆனால் உரிமையாளரை மாற்ற அவரால் முடியாது, விலகிப்போனவரின் ஷீட்டையே நம்பியிருக்கவும் முடியாது. கடைசியில் புது ஷீட் திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினோம். பஸ் ஏறுவதற்கு முன்னால் பகிர்வுப் பட்டியலைத் திறந்து Owner யார் என்று பார்த்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

அதே ஒப்பீட்டை அக்டோபருக்கும் ஓட்டியபோது கையால் ஒட்டியதிலேயே ஒரு குறை அகப்பட்டது. ஒரு மையத்தில் யாரோ வடிகட்டி போட்டு வைத்திருந்தார்கள். வடிகட்டி இருக்கும்போது காப்பி செய்தால் கண்ணுக்குத் தெரியும் வரிகள் மட்டும்தான் வரும். 9 வரி, 186 கிலோ விட்டுப்போயிருந்தது. சாரின் மனசு மாறியது இந்த 186 கிலோவைப் பார்த்துத்தான். அடுத்த பட்டுவாடாவிலேயே அந்த விவசாயிகளுக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்.

மூன்றாவது முன்மொழிவு ஒரே பக்கம். அதில் அவர் கேட்டபடி முதலில் இருந்தது சரிபார்ப்பு. மைய ஷீட்டை மைய ஷீட்டோடு ஒப்பிட்டால் போதாது, வேறு கையால் பதிந்த ஒரு எண் வேண்டும். தொழிற்சாலை எடைமேடையில் லாரி ஏறி இறங்கும் எடை அப்படிப்பட்டது. மையத்தின் நிகர எடையோடு அதை ஒப்பிடக் கூடாது, ஈரக் கழிவு போவதற்கு முந்திய மொத்த எடையோடுதான் ஒப்பிட வேண்டும். வழியில் இலை ஈரம் விடுவதால் இரண்டும் ஒருநாளும் அச்சாகப் பொருந்தாது. எங்கள் தூரத்துக்கு 2 சதவீதம் வரை விட்டிருக்கிறோம். அதைத் தாண்டினாலோ, லாரி வந்த நாளில் மைய ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை என்றாலோ அந்தக் கட்டம் சிவப்பாகும். மழையில் நெட் போய் மையம் பதியாமல் விட்ட நாளை இப்படித்தான் பிடிக்க முடிகிறது. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை வரி இல்லாத நாள் பிழையே இல்லை.

அடுத்தது, மூடிய மாதம். பணம் கொடுத்த பிறகு மையத்தில் யாராவது பழைய எடையைத் திருத்தினால் சிங்க் அதையும் இழுத்துவரும் என்பது சாரின் பயம், நியாயமான பயம். அதனால் ஸ்கிரிப்ட் திறந்திருக்கும் மாதத்தை மட்டுமே தொடுகிறது. அந்த மாதத்தைத் தினமும் முழுதாக அழித்துத் திரும்ப எழுதுகிறது. புது வரிகளை மட்டும் அடியில் சேர்க்கும் முறையைத் தவிர்த்தோம், ஏனென்றால் அதில் பின்தேதித் திருத்தங்கள் விட்டுப்போகும், தவறி இரண்டு முறை ஓடினால் வரிகள் இரட்டிக்கும். எங்களுக்கு மாதம் ஆயிரம் வரிக்குள்தான், மொத்தமாக ஒரே setValues அழைப்பில் எழுதினால் நிமிடத்துக்குள் முடிகிறது. ஒவ்வொரு வரியாக எழுதினால் ஆப்ஸ் ஸ்கிரிப்டின் ஆறு நிமிட வரம்பில் பாதியில் நின்றுவிடலாம். சார் மூடும் தேதியை ஒரு கட்டத்தில் அடித்ததும் அந்த மாதம் பூட்டு. பிறகு வரும் வித்தியாசங்கள் 'திருத்தம்' என்ற தாளில் விழுந்து அடுத்த மாதப் பட்டுவாடாவில் சேரும். தினமும் இரவில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் டிரிகரை உருவாக்குவது இந்த வரி:

```
ScriptApp.newTrigger('syncLeaf')
  .timeBased().everyDays(1).atHour(2).create();
```

இது சரியாக 2 மணிக்கு ஓடாது, 2-க்கும் 3-க்கும் இடையில் எப்போதாவது ஓடும். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் இந்திய நேரமா என்று Project Settings-இல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரியை நான் என் சொந்த ஐடியில் ஓட்டியதுதான் கடைசித் தடங்கல். டிரிகரை உருவாக்கியவரின் உரிமையில்தான் அது ஓடும், தோல்வி மெயிலும் அவருக்குத்தான் போகும். "நீங்க லீவுல போனா?" என்று சார் கேட்டதும் அதை நீக்கிவிட்டு, கணக்குப் பிரிவின் பொது ஐடியில் நுழைந்து திரும்ப உருவாக்கினேன். அந்த ஐடிக்கு ஆறு ஷீட்டிலும் பார்க்கும் உரிமை வாங்க வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கையால் ஒட்டுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். முதல் மாதம் ஆறு மையமும் ஒத்துப்போனது. இரண்டாம் மாதம் ஒரு கட்டம் சிவப்பானது. எடைமேடைச் சீட்டை எடுத்துப் பார்த்தால், அங்கே ஒரு லாரியை வேறு மையத்தின் பெயரில் பதிந்திருந்தார்கள்.