தண்டுவடக் குறுக்குவெட்டுகள்: எந்த மட்டம் என்று ஸ்லைடில் கண்டுபிடிக்கும் பயிற்சி

நுண்ணோக்கியில் பார்த்ததைப் பென்சிலால் வரைவது என் பொழுதுபோக்கு. இலைத் தண்டுகளிலிருந்து விலங்குத் திசுக்களுக்கு வந்து, இப்போது மனிதத் தண்டுவடத்தில் நிற்கிறேன். என் அண்ணி ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிக்கிறார். அவர் இரவல் தந்த பழைய ஸ்லைடுப் பெட்டியில் கழுத்து, மார்பு, இடுப்பு, அதற்கும் கீழே உள்ள திரிகம் ஆகிய நான்கு பகுதிகளின் குறுக்குவெட்டுகளும் இருந்தன. சில ஸ்லைடுகளில் சீட்டு உதிர்ந்துபோயிருந்தது. வெட்டைப் பார்த்தே மட்டத்தைச் சொல்லப் பழகுவது என்று முடிவு செய்தேன். இதுவரை எட்டிய இடத்தைக் குறித்து வைக்கிறேன்.

முதலில் ஒரு காரியத்தைத் தெளிவாக்கிக்கொண்டேன்: எது வெண்பொருள், எது சாம்பல் பொருள் என்பதை நிறத்தால் தீர்மானிக்கக் கூடாது. வைகெர்ட் முறையில் சாயமேற்றிய ஸ்லைடில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை கறுக்கும். ஆகவே வெண்பொருள் கறுப்பாகவும், சாம்பல் பொருள் வெளிறியும் தெரியும். க்ளூவரும் பரேராவும் 1953-இல் வெளியிட்ட முறையில் லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ மயலினை நீலமாக்கும். கிரெசில் வயலட் செல் உடல்களை ஊதாவாக்கும். ஹீமடாக்சிலின், ஈயோசின் ஏற்றிய ஸ்லைடில் மயலினின் கொழுப்பு கரைந்துபோய், வெண்பொருளில் வெற்று வளையங்களும் அவற்றின் நடுவே ஒரு புள்ளியும் மிஞ்சும். அந்தப் புள்ளிதான் நரம்பிழை. எந்தச் சாயமானாலும் உள்ளே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது சாம்பல் பொருள், சுற்றிலும் இருப்பது வெண்பொருள்.

அடுத்தது திசை. முன்பக்கத்தில் ஆழமான பிளவு ஒன்று உள்ளே இறங்கும். பின்பக்கத்தில் மேலோட்டமான பள்ளமும் அதிலிருந்து உள்ளே போகும் மெல்லிய தடுப்பும் மட்டுமே இருக்கும். வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகள்போலச் சாம்பல் பொருள் முன்னும் பின்னும் நீளும் பகுதிகள்தான் கொம்புகள். பின்கொம்பு ஏறக்குறைய விளிம்பு வரை நீளும். முன்கொம்பு விளிம்பைத் தொடாமல் நடுவழியில் நின்றுவிடும். இதைப் பார்க்க நுண்ணோக்கிகூட வேண்டியதில்லை. ஸ்லைடை வெள்ளைத்தாள் மேல் பிடித்து ஒரு கைலென்ஸால் பார்த்தால் போதும்.

இனி மட்டம். பெட்டியைத் திறந்ததும் நான் அளவுகோலைத்தான் எடுத்தேன். அண்ணி தடுத்தார். "தம்பி, அளவை நம்பாதீர்கள். வெண்பொருள் எவ்வளவு, முன்கொம்பு எவ்வளவு என்று இரண்டே கேள்வி கேளுங்கள்" என்றார். அளவு அறவே பயனற்றது என்று சொல்ல மாட்டேன். கழுத்தின் பருத்த பகுதியில் குறுக்களவு ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், நடு மார்பில் ஏறத்தாழ 10. ஆனால் பதப்படுத்தும்போது திசு சுருங்கும். படமாகப் பார்த்தால் உருப்பெருக்கம் வேறு மாறிவிடும். அண்ணி சொன்ன இரண்டு கேள்விகளும் எந்த உருப்பெருக்கத்திலும் நிற்கின்றன.

அவை ஏன் நிற்கின்றன என்பது தண்டுவடத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. வெண்பொருள் என்பது மேலும் கீழும் ஓடும் நரம்பிழைகளின் தொகுதி. உடலிலிருந்து மூளைக்குப் போகும் இழைகள் ஒவ்வொரு மட்டத்திலும் புதிதாக வந்து சேரும். மூளையிலிருந்து இறங்கும் இழைகள் ஒவ்வொரு மட்டத்திலும் சில பிரிந்து முடியும். ஆகவே கீழிருந்து மேலே போகப் போக வெண்பொருள் பெருகும். கழுத்தில் அது மிக அதிகம், திரிகத்தில் மிகக் குறைவு. சாம்பல் பொருளுக்கு இந்த ஏறுவரிசை கிடையாது. அந்த மட்டத்திலிருந்து எவ்வளவு தசையை இயக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது அது. தண்டுவடத்தில் ஓர் இணை நரம்புகள் புறப்படும் ஒவ்வொரு துண்டும் ஒரு கண்டம். கைக்கான நரம்புகள் கழுத்தின் ஐந்தாம் கண்டத்திலிருந்து மார்பின் முதல் கண்டம் வரையிலும், காலுக்கானவை இடுப்பு, திரிகக் கண்டங்களிலிருந்தும் புறப்படுகின்றன. அந்த இரு இடங்களிலும் முன்கொம்பு பருக்கும். இடையில் விலா இடைத் தசைகளையும் வயிற்றுச் சுவரையும் மட்டும் கவனிக்கும் மார்புப் பகுதியில் அது ஒடுங்கும்.

இதை வைத்துக்கொண்டு ஸ்லைடுகளைப் படமெடுத்து, வரைபடத்தாளில் வெளிக்கோட்டையும் சாம்பல் பொருளின் கோட்டையும் தடமெடுத்துக் கட்டங்களை எண்ணினேன். மொத்தப் பரப்பில் சாம்பல் பொருளின் பங்கு மார்பில் மிகக் குறைவாகவும், அடுத்து கழுத்திலும், அதற்கு மேல் இடுப்பிலும், எல்லாவற்றையும்விடத் திரிகத்தில் அதிகமாகவும் வந்தது. கழுத்திலிருந்து கீழே வரும்போது இந்தப் பங்கு ஒரே சீராகக் கூடாமல் மார்பில் ஒருமுறை இறங்கிப் பிறகு ஏறுகிறது. கை என்ற உறுப்பின் பளு அந்த வரிசையில் அப்படியே தெரிகிறது. இந்தத் தாளைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

மார்பு வெட்டு எளிது. மெலிந்த கொம்புகள், சுற்றிலும் தாராளமான வெண்பொருள். முன்கொம்புக்கும் பின்கொம்புக்கும் இடையில் பக்கவாட்டில் ஒரு சிறு முனை துருத்தும். அதுதான் பக்கக்கொம்பு, பரிவு நரம்பு மண்டலத்தின் செல்கள் அங்கே இருக்கின்றன. மார்பின் முதல் கண்டத்திலிருந்து இடுப்பின் இரண்டாம் கண்டம் வரைதான் அது உண்டு.

எனக்கு அதிக நேரம் எடுத்தது கழுத்தையும் இடுப்பையும் பிரிப்பது. இரண்டிலும் முன்கொம்பு பெரியது. கழுத்து வெட்டு பக்கவாட்டில் அகன்ற முட்டை வடிவம், இடுப்பு வெட்டு வட்டம் என்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் தண்டுவடம் மிருதுவானது. எடுக்கும்போது சற்று அழுத்தினாலும், சாய்வாக வெட்டினாலும் வெளிவடிவம் மாறிவிடும். சாய்வான வெட்டை அடையாளம் காண இடப்புறக் கொம்புகளை வலப்புறக் கொம்புகளோடு ஒப்பிடுகிறேன். ஒன்று நீண்டு மற்றது குட்டையாக இருந்தால் அந்த ஸ்லைடில் வெளிவடிவத்தை விட்டுவிடுகிறேன்.

அதைவிட உறுதியான இடம் பின்பக்க வெண்பொருள். கழுத்தில் அது ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுக்கோட்டை ஒட்டிய ஒல்லியான கற்றை காலிலிருந்தும் உடலின் கீழ்ப்பாதியிலிருந்தும் வருவது; அதற்கு வெளியே உள்ள அகன்ற கற்றை கையிலிருந்தும் மேலுடலிலிருந்தும் வருவது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு கோடாகத் தெரியும். வெளிக்கற்றை மார்பின் ஆறாம் கண்டத்துக்கு மேல்தான் உருவாகிறது. ஆகவே இடுப்பு வெட்டில் அந்தத் தடுப்புக்கு வேலையே இல்லை. பின்பக்க வெண்பொருள் ஒரே கற்றையாக இருக்கும். இன்னொரு துணையும் உண்டு. கழுத்தில் பின்கொம்பின் அடிப்பகுதியின் வெளிப்புற ஓரம் தெளிவாக முடியாமல், சாம்பல் பொருளும் வெண்பொருளும் வலைபோலக் கலந்திருக்கும். இடுப்பில் அந்த ஓரம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

திரிகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிறிய வெட்டு, குட்டையாகப் பருத்த கொம்புகள், இரு பக்கத்தையும் இணைக்கும் அகன்ற சாம்பல் பாலம், சுற்றிலும் ஒரு மெல்லிய வெண்பொருள் ஓரம். தண்டுவடத்துக்கு வெளியே வட்ட வட்டமாக நரம்பு வேர்கள் சூழ்ந்திருப்பதும் கண்ணில் படும். ஆனால் வேர்களை மட்டும் நம்பித் திரிகம் என்று சொல்லிவிட முடியாது. முதுகெலும்புக் குழாயில் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுவதால், கீழே போக வேண்டிய வேர்கள் இடுப்பு வெட்டுகளின் பக்கத்திலும் துணைக்கு ஓடுகின்றன.

இந்த வாரம் எடுத்தது சீட்டில்லாத ஸ்லைடு ஒன்று. லக்சால் ஃபாஸ்ட் ப்ளூவும் கிரெசில் வயலட்டும் ஏற்றியது. 4 மடங்கு லென்ஸில் வெளிவடிவம் ஏறக்குறைய வட்டம், கொம்புகள் இரு பக்கமும் ஒத்திருந்தன, வெட்டு நேரானது. பின்பக்க வெண்பொருளில் தடுப்பு இல்லை. எனவே மார்பின் ஆறாம் கண்டத்துக்குக் கீழே. வெண்பொருள் இன்னும் நிறைய இருந்தது. எனவே திரிகம் இல்லை. முன்கொம்பு நடு மார்பில் இருப்பதைவிடப் பருமன், ஆனால் இடுப்புப் பருத்த பகுதியின் அகலம் அதற்கு இல்லை. மார்பின் கீழ்ப்பகுதி அல்லது இடுப்பின் தொடக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து 10 மடங்கு லென்ஸுக்கு மாறிப் பின்கொம்பின் அடியில், நடுக்கோட்டை நோக்கிய ஓரத்தைத் தேடினேன். அங்கே இரு பக்கமும் வட்டமாக ஒரு செல் கூட்டம் இருந்தது. பெரிய செல்கள், உட்கரு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது, ஊதாத் துகள்கள் செல்லின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தன. வேறு இடத்தில் இப்படிப்பட்ட செல்லைப் பார்த்தால் காயப்பட்ட நரம்புச் செல் என்று நினைக்கத் தோன்றும். இங்கே இதுதான் இயல்பான தோற்றம். இது லாக்ஹார்ட் கிளார்க் 1851-இல் விவரித்த செல் தூண். காலிலிருந்தும் உடலிலிருந்தும் தசைநிலைச் செய்திகளை வாங்கிச் சிறுமூளைக்கு அனுப்புவது அது. இது முக்கியமாக மார்பின் முதல் கண்டத்திலிருந்து இடுப்பின் இரண்டாம் கண்டம் வரைதான் உண்டு. மார்பின் கீழ்க்கோடியிலும் இடுப்பின் முதல் கண்டத்திலும் மிகத் திரண்டிருக்கும், மேல் மார்பில் மெலிந்திருக்கும். என் ஸ்லைடில் அது திரண்டிருந்தது. பக்கக்கொம்பும் மழுங்கலாக இருந்தது.

ஆக, மார்பின் பதினொன்றாம் கண்டத்துக்கும் இடுப்பின் முதல் கண்டத்துக்கும் இடையே என்று எழுதினேன். அண்ணியின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே மார்பு பன்னிரண்டு என்று இருந்தது. இதைவிட நுட்பமாக, ஒரே கண்டம் என்று வெட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த கண்டங்களுக்கு நடுவே சாம்பல் பொருளில் எல்லைக்கோடு எதுவும் கிடையாது. மாற்றம் படிப்படியாகத்தான் வருகிறது.

அடுத்து மார்பின் முதல் கண்டத்தை எடுக்கப்போகிறேன். கைக்கான பருத்த முன்கொம்பும், பின்பக்கத்தில் இரண்டு கற்றைகளும் அதில் இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் கழுத்து என்றே சொல்லத் தோன்றும். பக்கக்கொம்பு தெளிவாகத் துருத்துகிறதா என்பதை மட்டும் வைத்து அதைக் கழுத்தின் எட்டாம் கண்டத்திலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே உருப்பெருக்கத்தில் வரைந்து பார்க்க ஸ்லைடுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.