எருமை என்றால் சிரிப்பு, சார் என்றால் சுருக்

பெங்களூரில் எங்கள் டீமில் பாதிப் பேர் தமிழர்கள். மீட்டிங்கில் ஆங்கிலம் பேசுவோம், கோபம் வந்தால் தமிழ்தான். யார் யாரை எப்படித் திட்டுகிறார்கள் என்று காது கொடுப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஒரு ரிலீஸ் இரவில் ஜூனியர் பையன் ஒருவன் டெஸ்ட் சர்வருக்கான கான்ஃபிக் ஃபைலை புரொடக்‌ஷனில் ஏற்றிவிட்டான். லாகினே நின்றுபோனது. பக்கத்து சீட்காரன், "டேய்ய் எருமை, என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினான். பையன் சிரித்துக்கொண்டே பழைய ஃபைலைத் தேட ஆரம்பித்தான். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போட்டிருக்கலாமே... சார்" என்றார். பையன் முகம் செத்துவிட்டது.

மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983-லேயே இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினார். வெளிப்பார்வைக்கு வசை, உள்ளே நெருக்கம் என்பது கேலி. வெளியே மரியாதை, உள்ளே குத்து என்பது நக்கல். கேலி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: சொன்னது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையன் எருமை இல்லை, அதனால் 'எருமை' வலிக்காது. அதே இழுவையில் 'தண்டம்' என்று சொல்லியிருந்தால் வலித்திருக்கும். ஒருவேளை நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறானோ என்ற சந்தேகம் வரும். இழுவையும் முக்கியம். 'டேய்ய்' என்று நீட்டினால் நட்பு, 'டேய்' என்று வெட்டினால் சண்டை.

மேனேஜரின் 'சார்' வேறு கதை. மேலே போகவேண்டிய மரியாதை கீழே வருகிறது, அதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாததால் பதிலுக்குச் சண்டை போடவும் வழியில்லை.

வசைச்சொல்லே இல்லாமல் திட்ட இன்னொரு வழி, ஆளை அஃறிணை ஆக்குவது. "அது இன்னும் வரலையா?" என்று மறுநாள் ஒருவர் அதே பையனைப் பற்றிக் கேட்டார். வீட்டில் குழந்தையை "தூங்குது" என்று கொஞ்சுவதும் இதே அஃறிணைதான். 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் திணை மாறலாம் என்று அனுமதிக்கும் காரணங்களில் உவப்பும் இருக்கிறது, செறலும் இழிப்பும் இருக்கின்றன. மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் ஒரே கதவு! பேசியவர் எதற்காக உள்ளே வந்தார் என்பதைக் குரல்தான் சொல்ல வேண்டும்.

சாட்டில் குரல் கிடையாது. அதனால்தான் எங்கள் பையன்கள் 'டேய்ய்ய்ய்' என்று ஒற்றெழுத்தை அடுக்குகிறார்கள். இலக்கணப் பிழைதான், ஆனால் தேவையான பிழை. மேனேஜர் மட்டும் இன்னும் 'ஓகே.' என்று புள்ளி வைத்து அனுப்புகிறார். அது கோபமா, வெறும் பழக்கமா என்று டீ குடிக்கும்போதெல்லாம் விவாதம் நடக்கிறது.