பதிவேட்டின் ஒரு கட்டமும் கம்பி கட்டுகிறவரின் கூலியும்

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பணியாளர் பதிவேட்டில், அதாவது படிவம் ஏ-யில், பெயர், பிறந்த தேதி, பதவிப்பெயர் ஆகியவற்றோடு 'வகை' என்று சிறிய கட்டம் ஒன்று உண்டு. அதில் அன்ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, ஸ்கில்டு, ஹைலி ஸ்கில்டு ஆகிய நான்கில் ஒன்றின் சுருக்கெழுத்தை எழுதவேண்டும். சென்னையில் மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் வளாகத்தில் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒப்பந்ததாரர் தரும் மாதாந்தரக் கூலிப்பட்டியலைச் சரிபார்த்து, பில்லை மேலே அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக அந்தக் கட்டத்தைப் பார்ப்பேன், அந்த வகைக்கு அரசு அறிவித்திருக்கும் தினக்கூலி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன், கொடுக்கப்பட்டிருந்தால் டிக் போடுவேன். அந்தக் கட்டத்தில் இருக்கும் எழுத்தே சரியா என்ற கேள்வியை, 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதப் பட்டியல்களில் நான் எழுப்பவே இல்லை.

மத்திய அரசின் எல்லைக்குள் வரும் பணியிடம் என்பதால் அங்கே பொருந்தியது மாநில அரசின் ஊதிய அறிவிக்கை அன்று. மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 1-லும் அக்டோபர் 1-லும், பஞ்சப்படியைத் திருத்தி வெளியிடும் விகிதம். 2024 அக்டோபர் 1 முதல், சென்னை போன்ற பெருநகரங்கள் அடங்கும் 'ஏ' பகுதியில், கட்டுமான வேலைக்கு அன்ஸ்கில்டு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 783 ரூபாய், செமி ஸ்கில்டுக்கு 868, ஸ்கில்டுக்கு 954, ஹைலி ஸ்கில்டுக்கு 1,035 ரூபாய். ஒரே மேஸ்திரியின் கீழ் ஒரே தளத்தில் நிற்கும் இருவருக்கு இடையில், அந்தக் கட்டத்து எழுத்தை வைத்து மட்டுமே 171 ரூபாய் வேறுபாடு விழுகிறது. மாதம் 26 நாள் என்று கொண்டால் 4,446 ரூபாய்.

இந்த நான்கு சொற்களுக்கும் அறிவிக்கையே விளக்கம் தருகிறது. எளிய வேலை, அனுபவமோ திறனோ அதிகம் தேவைப்படாதது என்றால் அன்ஸ்கில்டு. வேலை செய்து பழகியதால் ஓரளவு திறன் வந்திருக்கிறது, ஆனால் தேர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்யமுடியும் என்றால் செமி ஸ்கில்டு. வேலை அனுபவத்தாலோ, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றதாலோ வந்த திறமையோடு, தானே முனைந்து முடிவெடுத்துச் செய்யவேண்டிய வேலை என்றால் ஸ்கில்டு. முழுத் தேர்ச்சியோடு, எடுக்கும் முடிவுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்றுச் செய்வது ஹைலி ஸ்கில்டு. இவற்றில் நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தது ஸ்கில்டு விளக்கத்தில் வரும் 'அனுபவத்தாலோ, பயிற்சியாலோ' என்ற அந்த இரண்டு 'ஓ'க்களைத்தான். இரண்டில் ஒன்று இருந்தால் போதும், சான்றிதழ் கட்டாயமில்லை.

ஜனவரி மாதப் பில்லோடு அளவுப் புத்தகத்தின் நகலும் வந்திருந்தது. அதில் அந்த மாதம் கட்டி முடித்த கம்பி 14 டன் என்று இருந்தது. கூலிப்பட்டியலைத் திருப்பினால், கம்பி வேலைக் குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பதவிப்பெயர் 'ஹெல்பர்', வகை அன்ஸ்கில்டு, கூலி 783. ஒரு தேர்ந்த கம்பிக்காரர் நாளொன்றுக்கு ஒரு குவிண்டால் முதல் இரண்டு குவிண்டால் வரை வெட்டி வளைத்துக் கட்டுவார் என்று வைத்துக்கொண்டாலும், 140 குவிண்டாலுக்குக் குறைந்தது மூன்று பேர், கூடினால் ஆறு பேர் மாதம் முழுவதும் அந்தத் திறமையோடு உழைத்திருக்கவேண்டும். பதிவேட்டின்படி அப்படி ஒருவர்கூட அங்கே இல்லை. ஆனால் கம்பி நின்றுகொண்டிருந்தது. பொறியாளர் சரிபார்த்துக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. வகைப்படுத்தலில் பிழை இருப்பதை மேசையிலிருந்தே கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இதுதான்: கூலிப்பட்டியலைத் தனியாகப் பார்க்காமல், அந்த மாதம் முடிந்த வேலையின் அளவோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். 783 கொடுக்கவேண்டியவருக்கு 783 கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால், பட்டியல் எப்போதும் சரியாகவே இருக்கும்.

மறுநாள் காலை இரண்டாவது தளத்துக்குப் போனேன். பட்டியலில் நான்காவது பெயர்க்காரர் தரையில் வரைபடத்தை விரித்து, அது பறக்காமல் நான்கு மூலைகளிலும் கவர் பிளாக் எனும் சிறு கான்கிரீட் கட்டைகளை வைத்திருந்தார். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை எட்டு மில்லி கம்பியில் வளைத்துக்கொண்டிருந்தார். வளைத்த கொக்கி செங்கோணத்தில் நிற்காமல், தூணின் உட்பக்கமாக 135 டிகிரிக்குத் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு பையன் தூணில் ரிங்குகளைச் சீரான இடைவெளியில் அடுக்கிக்கொண்டே போனான். இவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "தம்பி, பீம் சேர்ற இடத்துல நெருக்கிப் போடணும், அவுத்துடு" என்றார். தூணும் உத்தரமும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் ரிங்குகள் நெருக்கமாக இருக்கவேண்டும் என்பது நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான விதி. வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. அதை அவரிடம் அப்போது யாரும் சொல்லவில்லை, பொறியாளர் அந்தத் தளத்திலேயே இல்லை. எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டேன். "பதினாறு வருஷம் சார்" என்றார். கட்டுக்கம்பியை முறுக்கும் கொக்கியைப் பிடித்துப் பிடித்து அவருடைய வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் கட்டையாகக் காய்த்திருந்தது.

ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியவர் இந்தத் தளத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆள் சேரும் நாளில் ஆதார் நகலை வாங்குவார், 'ஐ.டி.ஐ. இருக்கா' என்று கேட்பார், இல்லையென்றால் ஹெல்பர் என்று எழுதிக்கொள்வார். நான் விளக்கம் கேட்டபோது அவர் சொன்ன பதிலும் அதுதான்: சான்றிதழ் இல்லாதவரை எப்படி ஸ்கில்டு என்று காட்டுவது? அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் சட்டம் ஆளின் காகிதத்தைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. பதவிப்பெயரும் அப்படியே. ஹெல்பர் என்று பெயர் வைத்துவிட்டால் வரைபடம் படித்து ரிங் வளைக்கிற வேலை எளிய வேலையாகிவிடாது. 'இந்தக் கூலிக்குச் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்' என்ற அடுத்த வாதத்துக்கும் இடமில்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கிக்கொள்வதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும், அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே சொன்னது.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. ஒன்பது பேரையும் ஒரே வீச்சில் ஸ்கில்டு ஆக்கிவிடுவதும் பிழைதான். தளப் பொறியாளரும் மேஸ்திரியும் நானும் மூன்று நாள் நின்று, யார் என்ன செய்கிறார் என்று பார்த்து எழுதினோம். வரைபடம் பார்த்துத் தானே வெட்டி வளைத்துக் கட்டுகிறவர்கள் நான்கு பேர், இவர்கள் ஸ்கில்டு. இன்னொருவர் வைத்துக் காட்டிய இடத்தில் முடிச்சுப் போடுகிறவர்கள், தவறினால் அவிழ்க்கச் சொல்லப்படுகிறவர்கள் மூன்று பேர். இவர்கள் செமி ஸ்கில்டு. அந்தப் பையன் இந்த மூவரில் ஒருவன். கம்பியைத் தூக்கிவந்து போடுவது மட்டும் செய்கிறவர் ஒருவர். அவருக்கு 783 சரிதான்.

ஒன்பதாமவர்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தார். காலையில் லாரியிலிருந்து கம்பி இறக்கிச் சுமப்பார், சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற நால்வருக்கு இணையாகத் தானே வளைத்துக் கட்டுவார். இப்படி ஒருவரே இரண்டு வகை வேலை செய்தால், ஒவ்வொரு வேலைக்கும் செலவான நேரத்துக்கு அந்தந்த வகையின் விகிதப்படி கூலி தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொன்னது. நான்கு மணி நேரச் சுமை வேலைக்கு 783-இல் பாதி 391.50, நான்கு மணி நேரக் கம்பி வேலைக்கு 954-இல் பாதி 477, கூட்டினால் 868.50. செமி ஸ்கில்டு கூலியைவிட ஐம்பது காசு அதிகம். 'அப்படியென்றால் செமி ஸ்கில்டு என்றே போட்டுவிடலாமே' என்றார் மேஸ்திரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. லாரி வராத நாள்களில் அவர் முழுநாளும் கம்பிதான் கட்டுகிறார். அன்று அவருக்குச் சேரவேண்டியது 954. வருகைப் பதிவேட்டில் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று தினமும் குறித்தால்தான் அந்தப் பிரிவு உயிரோடு இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாத இடங்களில் இத்தகையவர்கள் எல்லோரும் கீழ்வகைக்கே போய்விடுவார்கள்.

ரிங் வளைத்துக்கொண்டிருந்த நான்காவது பெயர்க்காரருக்குக் கணக்குப் போட்டேன். அக்டோபர் முதல் ஜனவரி வரை 26, 25, 26, 24 என்று 101 நாள் வேலை. நாளுக்கு 171 வீதம் 17,271 ரூபாய். மிகைநேரத்தை நான் முதலில் மறந்தே போயிருந்தேன். அதற்கு இரட்டிப்புக் கூலி என்பதால் வகைப் பிழையும் அங்கே இரட்டிப்பாகிறது. 783-ஐ எட்டால் வகுத்து இரட்டித்தால் மணிக்கு 195.75, 954-க்கு 238.50. மணிக்கு 42.75 வீதம் அவர் செய்த 40 மணி நேரத்துக்கு 1,710. மொத்தம் 18,981 ரூபாய். கம்பி வேலைக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்ட டன் விலையில் தேர்ந்த ஆளின் கூலி ஏற்கெனவே அடங்கியிருந்தது. ஆகையால் புதிதாக யாரும் பணம் தேடவேண்டியதில்லை. ஒப்பந்ததாரருக்குப் போன பணம் தொழிலாளிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அவர் கொடுக்காவிட்டால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனமே கொடுத்துவிட்டுப் பில்லில் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருந்ததால், நிலுவை தீரும்வரை ஜனவரிப் பில்லை நிறுத்திவைத்தோம். தாமதிக்க நேரமும் இல்லை. அப்போதிருந்த சட்டத்தின்படி கோரிக்கை மனுவுக்கு ஆறு மாதம்தான் கெடு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பில்தான் அது மூன்று ஆண்டாகியிருக்கிறது.

பிப்ரவரி இறுதியில் நிலுவை வங்கிக்கணக்கில் ஏறியது. கையெழுத்து வாங்கிய அன்று, அந்த மனிதர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "சார், இ.எஸ்.ஐ. கார்டு இருக்கும்ல?" என்று கேட்டார். அவருடைய தாயாருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இ.எஸ்.ஐ. ஊதிய உச்சவரம்பு அப்போது மாதம் 21,000 ரூபாய். 783 என்றால் 26 நாளுக்கு 20,358, உள்ளே இருக்கிறார். 954 என்றால் 24,804, வெளியே போய்விடுகிறார். அப்போதிருந்த போனஸ் சட்டத்தின் வரம்பும் அதே 21,000-தான். சரியான கூலியைக் கேட்டு வாங்கியதால் இந்த இரண்டும் கைநழுவும் என்பதைக் கணக்குப் போட்ட நாளில் நான் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

இ.எஸ்.ஐ.யின் ஆறு மாதச் சந்தாக் காலத்தின் நடுவில் ஊதியம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை சந்தா தொடரும். எனவே மார்ச் 31 வரை பிடித்தம் உண்டு என்றும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்குச் சிகிச்சை பெறும் பயன்காலம் ஜூலையில் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிகிறது என்றும் சொன்னேன். அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு தாயாரின் மருந்துச் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, வெளியில் வாங்கினால் இது மாதம் எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.