பத்தாம் நாள் காலையில் நான் எழுதிய வரி

"சார், பக்கெட்டைத் தொட்டுப் பாருங்க."

குப்பை மேட்டில் பிடித்த தீயை அணைக்க எங்களோடு பொக்லைன் ஓட்டிய அண்ணன் அன்று காலை முதலில் சொன்னது இதுதான். நான் தொட்டுப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பதிவேட்டில் "தீ முழுவதும் அணைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பக்கெட் கண்ணுக்குள் நிற்கிறது. பற்களில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக், அதன் மேல் ஈர மண், அந்த மண்ணிலிருந்து மெல்ல எழும்பிய ஆவி.

அன்று என் கையில் இருந்தது நான்கு வாயுக்களை அளக்கும் ஒரு மீட்டர். குப்பை மேட்டின் மேல் நின்று மூக்கு உயரத்தில் பிடித்தபோது கார்பன் மோனாக்சைடு 14 பிபிஎம் காட்டியது. மூன்றாம் நாள் அதே இடத்தில் 90-க்கு மேல் இருந்தது. புகையும் கரும்பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியிருந்தது. இத்தனைக்கும் பிறகு அணைந்தது என்று நினைத்ததில் என்ன தப்பு? பல இரவுகள் இப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விரிசலும் இருந்தது. மேட்டின் விளிம்பை ஒட்டி, கை நுழையும் அகலம். அதன் வாயில் மீட்டரை வைத்தபோது எண் 400-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. உள்ளே தேங்கிய பழைய புகை வெளியேறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்துவிட்டேன்.

வீட்டில் தீப்பிடித்தால் சுடர் தெரியும், தண்ணீர் அடிக்கிறோம், முடிந்தது. குப்பை மேட்டுக்குள் எரிவது சுடர் இல்லை, கனல். துணி, காகிதம், தேங்காய் மட்டை, மரத்தூள் எல்லாம் முதலில் கரியாகி, அந்தக் கரியின் மேற்பரப்பிலேயே ஆக்சிஜன் ஒட்டிச் சுடரில்லாமல் எரிகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 15-க்குக் கீழே இறங்கினால் சுடர் பொதுவாக நிற்காது. கனல் 10 சதவீதத்துக்குப் பக்கத்திலும் தாக்குப்பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் விரற்கடை தூரம் நகர்ந்தாலே அதற்குப் போதும். சுற்றியிருக்கும் குப்பை போர்வை மாதிரி சூட்டை வெளியே விடாது. அதனால் உள்ளே 500, 600 டிகிரி இருக்கும்போதே மேலே செருப்புக் காலோடு நடக்க முடியும்.

காற்று எங்கிருந்து போகிறது என்று கேட்பார்கள். மேட்டின் சரிவுகளிலிருந்து. உள்ளே சூடான வாயு மேலே ஏறி உச்சியில் இருக்கும் விரிசல் வழியாக வெளியேறும்போது, கீழ்ச் சரிவில் இருக்கும் இடுக்குகள் வழியாகப் புதுக் காற்றை இழுக்கும். மேடே ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது. கரி எரிந்த இடம் குழிந்து சரியும், புது விரிசல் விடும், இன்னும் காற்று போகும். இதோடு, மட்கும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் பாதிக்குப் பாதி மீத்தேன். காற்றோடு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும் இடத்தில் பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும்.

தண்ணீர் ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் எங்கள் பசங்களை உடைத்துப்போட்டது. ஒன்பது நாள் லாரி லாரியாக அடித்தோம். குப்பைக்குள் கேரி பைகளும் தார்ப்பாய்த் துண்டுகளும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தண்ணீர் அவற்றின் மேல் வழிந்து ஏதோ ஒரு பாதையைப் பிடித்துக் கீழே ஓடிவிடும், பக்கத்தில் முக்கால் அடி தள்ளி இருக்கும் கனலைத் தொடவே தொடாது. சரிவின் அடியில் கறுப்பாகக் கசிந்து வந்த தண்ணீர் எல்லாம் அப்படி ஓடியதுதான். நான் பார்த்த வெள்ளைப் புகையில் பெரும்பகுதி நீராவி. அது அணைந்ததற்கு அடையாளம் இல்லை, சூடான ஒன்றின் மேல் தண்ணீர் பட்டதற்கு அடையாளம்.

இதை எனக்கு முன்னால் அந்த அண்ணன் தெரிந்துவைத்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், சின்ன வயதில் கருவேல மரத்தில் கரிமூட்டம் போட்ட கை. "மூட்டம் வெளிய ஆறிப்போனாப்புல இருக்கும் சார். அவசரப்பட்டுப் பிரிச்சா அத்தனையும் சாம்பலாயிரும்" என்றார்.

"அண்ணே, இது கரி இல்ல, குப்பை" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. வண்டியில் ஏறி எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த அமைதி மீட்டரைவிடத் தெளிவாகச் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு அடுத்த ஐந்தாம் நாள், நான் கையெழுத்துப் போட்ட இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி, கிழக்குச் சரிவில் புகை கிளம்பியது. அப்புறம் பதினொரு நாள்.

புகையில் இருப்பதை யோசிக்கும்போதுதான் எனக்கு உறுத்தல் அதிகமாகிறது. நன்றாக எரிந்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். கனலில் எரிப்பு பாதியிலேயே நிற்கிறது. கார்பன் மோனாக்சைடு, பென்சீன், தார் போன்ற நுண்துகள் எல்லாம் அப்படியே வெளியே வருகின்றன. பிவிசி பைப்பும் வயர் உறையும் எரிந்தால் கண்ணைக் கரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு. குளோரின் உள்ள பொருள் இப்படி அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்ற நச்சும் உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. மக்கள் புகார் சொல்வது இந்த நாற்றத்தைத்தான். ஆனால் ஆளைச் சாய்க்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. எங்கள் பையன் ஒருவன் தலைவலி, வாந்தி என்று உட்கார்ந்தான். முகாமில் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டியது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. இரத்தப் பரிசோதனை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கருவி செய்த தப்பைத்தான் மூக்கு உயரத்தில் மீட்டரைப் பிடித்து நானும் செய்தேன். 14 பிபிஎம் பொய் இல்லை. அது காற்று வீசும் திறந்த வெளியில் நான் எதைச் சுவாசிக்கிறேன் என்று சொன்னது. உள்ளே எரிகிறதா என்று கேட்டிருந்தால், துளை போட்டுக் குழாய் இறக்கி உள்வாயுவை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதில் கார்பன் மோனாக்சைடு 1000-ஐத் தாண்டினால் கனல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இங்கேதான் எனக்குத் தெளிவு வரவில்லை. தோண்டினால் ஒவ்வொரு வாளிக்கும் காற்று உள்ளே போய்ச் சுடர் எழும். அதைப் பரப்பி, நனைத்து, பிசைந்து, ஆறியதை அழுத்தி வைக்க வேண்டும். பகலெல்லாம் தோண்டினால் மாலையில் காற்று அடங்கியதும் புகை மொத்தமும் கீழே தெருவுக்குள் இறங்கும். தோண்டாமல் ஓரடி, ஈரடி மண் போட்டு மூடினால் புகை நிற்கும், ஆனால் சூடு மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். மண் விரிசல் விட்ட அன்று மறுபடி பிடிக்கும். கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ம் தேதி பிடித்த தீயைப் பொக்லைனால் கிளறிக் கிளறித் தண்ணீர் அடித்துத்தான் பன்னிரண்டு நாளில் அடக்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அங்கேயே ஒரு பகுதியில் மறுபடி பிடித்தது. அதைப் படித்தபோது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்த நிமிடமே அந்த ஆறுதல் போய்விட்டது. ஏனென்றால் நான் எழுதிய வரியை நம்பித்தான், உறவினர் வீட்டுக்குப் போயிருந்த குடும்பங்கள் திரும்பி வந்தன. "கனல் இருக்க வாய்ப்புண்டு, கண்காணிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் வண்டிகளை விடுவித்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் வேறு இரண்டு இடத்தில் கூரை வீடுகள் எரிந்தன, எங்கள் வண்டிதான் போனது. இதையும் எடை போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் தட்டு வேறு பக்கம் சாய்கிறது.

இப்போது வண்டியில் ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறேன், ஆறடி. குத்தி, பத்து நிமிடம் விட்டு, உருவி, நுனியில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். போன கோடையில் வேறு ஒரு மேட்டில் ஏழு இடத்தில் குத்தினேன். ஏழும் சீறவில்லை. எட்டாவது இடத்தில் குத்துவதற்கு முன் பொக்லைன்காரரிடம் போய், பக்கெட்டில் கை வைத்துப் பார்த்தேன்.